கவர்னர் ஸ்க்ரூவைத் தொடும் முன்: குறைந்த லோடில் புகைந்து, ரேஸ் ஏறி இறங்கும் ஜெனரேட்டர்

ஒரு அபார்ட்மென்டின் பின்பக்கம் நிற்கும் 125 கேவிஏ டீசல் ஜெனரேட்டரை எடுத்துக்கொள்வோம். ஆறு சிலிண்டர், இன்லைன் டீசல் பம்ப், வேகம் மாறாமல் இருக்க பம்பின் லீவரை வெளியிலிருந்து ராடு மூலம் தள்ளி இழுக்கும் எலக்ட்ரானிக் கவர்னர். கரண்ட் போய் செட் எடுத்ததும் சத்தம் அலை மாதிரி ஏறி இறங்குகிறது. பேனலில் ஹெர்ட்ஸ் 49.2-க்கும் 50.9-க்கும் நடுவே ஆடிக்கொண்டே இருக்கிறது. சைலன்சரிலிருந்து வெள்ளையும் சாம்பலுமாகப் புகை வருகிறது, பக்கத்தில் நின்றால் கண் எரிகிறது. எக்ஸாஸ்ட் பைப் ஜாயின்டில் தார் மாதிரி ஏதோ கறுப்பாக ஒழுகி, கீழே சிமென்ட் தரையில் சொட்டுச் சொட்டாகப் படிந்திருக்கிறது.

இதைப் பார்க்க வருகிறவர் சொல்வது பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும். "கவர்னர் போச்சு" என்பார், இல்லையென்றால் "ரிங் போச்சு, ஆயில் தள்ளுது, இன்ஜினை இறக்கணும்" என்பார். முதல் ஆள் கவர்னர் பெட்டியைத் திறந்து ஸ்க்ரூவைத் திருகுவார். இரண்டாமவர் லட்சத்தில் எஸ்டிமேட் கொடுப்பார். இந்த செட்டுக்கு இரண்டுமே தேவையில்லை. எது தேவை என்பதை எந்த வரிசையில் கண்டுபிடிப்பது என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை. வரிசை முக்கியம். முதலில் கவர்னரைத் திருகிவிட்டால் மற்ற எல்லா அறிகுறியும் குழம்பிப்போகும்.

உள்ளே என்ன நடக்கிறது

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. அழுத்திய காற்றின் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. லோடு நன்றாக இருந்தால் பிஸ்டன் தலை, லைனர், டீசலைப் பீய்ச்சும் நாசிலின் முனை எல்லாம் சூடாக இருக்கும், பீய்ச்சிய டீசல் முழுக்க எரியும். லோடு பத்துப் பதினைந்து சதவீதம்தான் என்றால் அந்தச் சூடு வராது. டீசலில் ஒரு பகுதி குளிர்ந்த சுவரில் பட்டு, எரியாமல் ஆவியாக வெளியே போகிறது. கண்ணை எரிக்கும் வெள்ளைப் புகை அதுதான். மிச்சம் கரியோடு சேர்ந்து எக்ஸாஸ்ட் வழி முழுக்க ஈரமாக ஒட்டிக்கொள்கிறது. இதற்குத்தான் வெட் ஸ்டேக்கிங் என்று பெயர், அதாவது புகைக்குழாய் நனைந்து கிடப்பது.

ஜாயின்டில் ஒழுகும் கறுப்பைப் பார்த்து இன்ஜின் ஆயில் என்று நினைப்பது இயல்பு. அதில் கொஞ்சம் ஆயிலும் இருக்கத்தான் செய்யும். பிஸ்டன் ரிங் லைனரோடு இறுக்கமாக ஒட்டுவது ரிங்கின் சொந்த விறைப்பால் மட்டும் அல்ல, எரியும் வாயுவின் அழுத்தம் பின்னாலிருந்து தள்ளுவதாலும்தான். லோடு இல்லாதபோது அந்த அழுத்தம் குறைவு. அதனால் ஆயில் மேலே ஏறும், டீசல் கீழே இறங்கி ஆயிலில் கலக்கும். டர்போ இருந்தால் அதன் சீலும் இந்த நிலையில் கொஞ்சம் கசியும். இவை எல்லாம் சேர்ந்த கலவைதான் தரையில் சொட்டியிருப்பது. ஒரு வெள்ளைக் காகிதத்தில் தொட்டு மோந்து பாருங்கள். டீசல் வாடை தூக்கலாக இருந்து, கறுப்பைச் சுற்றி மெல்லிய எண்ணெய் வளையம் பரவினால் அது வெட் ஸ்டேக்கிங். அதை வைத்து ரிங் போய்விட்டது என்று சொல்ல முடியாது.

சரி, புகைக்கும் ரேஸ் ஏறி இறங்குவதற்கும் என்ன சம்பந்தம்? ஒரு சின்னக் கணக்கு போட்டால் புரியும். இந்த அளவு செட் முழு லோடில் மணிக்கு ஏறத்தாழ 26 லிட்டர் குடிக்கும். 1500 ஆர்பிஎம்மில் நாலு ஸ்ட்ரோக் இன்ஜினின் ஒவ்வொரு சிலிண்டரும் நிமிடத்துக்கு 750 முறை டீசல் வாங்குகிறது. ஆறு சிலிண்டருக்கும் சேர்த்து மணிக்கு 2,70,000 முறை. வகுத்துப் பார்த்தால் ஒரு தடவைக்குச் சுமார் 0.1 மில்லி வரும். லோடு 11 கிலோவாட்டுக்கு இறங்கி, குடிப்பது மணிக்கு 5 லிட்டர் என்று ஆனால், ஒரு தடவைக்குச் சுமார் 0.02 மில்லிதான். ஒரு சொட்டுத் தண்ணீர் 0.05 மில்லி இருக்கும். அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் அரைச் சொட்டுக்கும் குறைவான டீசலில் ஓடிக்கொண்டிருக்கிறது. நாசில் ஊசி சரியாக உட்காராமல் துளி கசிந்தால், முழு லோடில் அது கணக்கிலேயே வராது. இந்த அரைச் சொட்டில் அது பெரிய பங்கு. அந்தச் சிலிண்டர் ஒரு முறை பற்றும், அடுத்த முறை பற்றாது.

பற்றாதபோது வேகம் இறங்குகிறது. கவர்னர் அதைப் பார்த்து ஆறு சிலிண்டருக்கும் டீசலைக் கூட்டுகிறது. அதே நேரம் விட்டுப்போன சிலிண்டர் மறுபடி பற்றினால் வேகம் எகிறுகிறது, கவர்னர் குறைக்கிறது. ஏறி இறங்கும் சத்தம் இப்படித்தான் பிறக்கிறது. கவர்னர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. கோளாறு அதற்குக் கீழே இருக்கிறது.

முதல் படி: அளந்து எழுதுங்கள்

ஸ்பேனரை எடுப்பதற்கு முன் கிளாம்ப் மீட்டரை எடுங்கள். மூன்று ஃபேஸிலும் ஆம்ப் பார்த்து எழுதுங்கள். நம் செட்டில் ஃபேஸுக்கு 19 ஆம்ப் காட்டுகிறது. 1.732 × 415 × 19 × 0.8 என்று பெருக்கினால் சுமார் 11 கிலோவாட். 125 கேவிஏ என்பது 0.8 பவர் ஃபேக்டரில் 100 கிலோவாட், முழு லோடு ஆம்ப் 174. ஆக இந்த செட் 11 சதவீத லோடில் ஓடுகிறது. பொதுவாக 30 சதவீதத்துக்குக் கீழே நீண்ட நேரம் ஓட்டக்கூடாது என்பார்கள். இந்த செட்டுக்கு அது 30 கிலோவாட், ஃபேஸுக்கு 52 ஆம்ப்.

அடுத்து ஹெர்ட்ஸையும் வோல்ட்டையும் சேர்த்துப் பாருங்கள். விளக்கு மினுங்குகிறது, வோல்ட் ஆடுகிறது, ஆனால் ஹெர்ட்ஸ் 50-ல் அசையாமல் நிற்கிறது என்றால் இன்ஜினில் கை வைக்க வேண்டாம். அது ஆல்டர்நேட்டர் பக்கம், வோல்ட்டைச் சீராக வைக்கும் ஏவிஆர் அல்லது அதன் ஒயரிங். ஹெர்ட்ஸும் கூடவே ஆடினால்தான் இந்தக் கட்டுரை உங்களுக்கு. ஆம்ப் தானாகவே தாளம் போட்டு ஏறி இறங்குகிறதா என்றும் கவனியுங்கள். சில சமயம் பெரிய யூபிஎஸ் சார்ஜர் செட்டோடு ஒத்துப்போகாமல் லோடைப் போட்டு எடுத்து விளையாடும். யூபிஎஸ்ஸை ஒரு நிமிடம் ஆஃப் செய்தால் தெரிந்துவிடும்.

கூலன்ட் சூட்டைப் பார்க்காமல் விடாதீர்கள். இருபது நிமிடம் ஓடிய பிறகும் நம் செட்டில் மீட்டர் 58 டிகிரியைத் தாண்டவில்லை. 75-லிருந்து 90-க்குள் இருக்க வேண்டும். குளிர்ந்த இன்ஜினை எடுத்ததிலிருந்தே ரேடியேட்டர் மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். ஃபேனிடம் கை போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தெர்மோஸ்டாட் நன்றாக இருந்தால் ஹோஸ் கொஞ்ச நேரம் குளிர்ந்தே கிடந்து, பிறகு சட்டென்று சூடாகும். ஆரம்பத்திலிருந்தே மெல்ல மெல்லச் சூடேறினால் தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டியிருக்கிறது, அல்லது அங்கே தெர்மோஸ்டாட்டே இல்லை. இரண்டாவதுதான் நம் ஊரில் அதிகம். எப்போதோ ஒரு கோடையில் செட் ஹீட் ஆனபோது, "நம்ம வெயிலுக்கு இது எதுக்கு" என்று கழற்றிப் போட்டிருப்பார்கள். நம் செட்டிலும் ஹவுசிங்கைத் திறந்தால் உள்ளே காலி. குறைந்த லோடில் ஓடும் இன்ஜினுக்குத் தெர்மோஸ்டாட் இல்லாதது இரட்டைத் தண்டனை. சரியான பார்ட் நம்பர் பார்த்துப் புதிது போட்ட பிறகு 80-ல் நிற்கிறது, புகையும் கொஞ்சம் குறைகிறது. ஆட்டம் மட்டும் போகவில்லை.

மெக்கானிக்கல் கவர்னர் உள்ள பழைய செட் வைத்திருப்பவர்களுக்கு இடையில் ஒரு வார்த்தை. அந்த செட் லோடு இல்லாமல் 52 ஹெர்ட்ஸ் காட்டினால் கோளாறு என்று நினைத்து 50-க்கு இறக்காதீர்கள். லோடு ஏற ஏற வேகம் 3, 4 சதவீதம் இறங்குவது அதன் அமைப்பு. வெறும் ஓட்டத்தில் 52 வைத்தால்தான் முழு லோடில் 50-ல் வந்து நிற்கும்.

இரண்டாம் படி: காற்று இருக்கிறதா

ஏறி இறங்குவதற்கு மிகச் சாதாரணமான காரணம் டீசல் லைனில் காற்று. டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரை உள்ள குழாய் இழுக்கும் பக்கம். அங்கே ஜாயின்ட் லூசாக இருந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். அதனால் "எங்கேயும் லீக் இல்லை, காய்ஞ்சுதான் இருக்கு" என்று சொல்வதை நம்ப வேண்டாம்.

சோதிக்க எளிய வழி இருக்கிறது. ஐந்து லிட்டர் சுத்தமான கேனில் வடிகட்டிய டீசல் எடுத்து, பம்பை விட உயரத்தில் ஒரு ஸ்டூலில் வையுங்கள். ஆடாமல் கட்டிவிடுங்கள், சூடான எக்ஸாஸ்ட் பக்கம் வேண்டாம். டேங்க் லைனைக் கழற்றிவிட்டு, கேனிலிருந்து ஒரு ஒளி ஊடுருவும் ஹோஸ் மூலம் ஃபீட் பம்புக்குக் கொடுங்கள். ரிட்டர்னையும் அதே கேனுக்குத் திருப்புங்கள். ஃபில்டர் தலையில் உள்ள ஏர் ஸ்க்ரூவை இரண்டு சுற்று லூசாக்கி, கை பம்பை அடித்து, நுரை நின்று தெளிந்த டீசல் வரும்வரை காற்றை எடுத்துவிட்டு மூடுங்கள். செட்டை எடுத்துப் பத்து நிமிடம் ஓட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் கோளாறு டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவில். பான்ஜோ போல்ட் வாஷர், வெடித்த ரப்பர் ஹோஸ், டேங்க் உள்ளே இருக்கும் உறிஞ்சு குழாய் ஆகியவற்றைப் பாருங்கள். ஹோஸில் குமிழே இல்லாமலும் ஆட்டம் தொடர்ந்தால் காற்று காரணம் இல்லை.

நம் செட்டில் ஹோஸ் தெளிவாக இருக்கிறது, ஆட்டம் அப்படியே இருக்கிறது. அடுத்த படிக்குப் போகலாம்.

மூன்றாம் படி: லோடை ஏற்றிப் பாருங்கள்

எதையும் கழற்றாமல் அதிகம் சொல்லும் சோதனை இது. கட்டடத்தில் இருக்கும் மோட்டார்களை ஒவ்வொன்றாகப் போடுங்கள். எஸ்டிபி புளோயர், போர் மோட்டார், பிரஷர் பம்ப் என்று சேர்த்தால் நம் செட்டில் லோடு 34 கிலோவாட்டுக்கு வருகிறது, ஃபேஸுக்கு 59 ஆம்ப்.

லோடு ஏறியதும் ஆட்டம் குறைந்தால் சந்தேகம் நாசில் மேல். அரைச் சொட்டு இப்போது ஒரு சொட்டை நெருங்கிவிட்டது, கசிவின் பங்கு குறைந்துவிட்டது. லோடு ஏற ஏற ஆட்டம் அதிகமாகி, வேகமும் தளர்ந்தால் டீசல் போதவில்லை. ஃபில்டர் அடைப்பு, ஃபீட் பம்ப் பலவீனம் ஆகியவற்றைப் பாருங்கள். லோடு எதுவானாலும் ஒரே சீரான தாளத்தில், மணி ஊசல் மாதிரி ஆடினால் அப்போதுதான் கவர்னர் பக்கம் பார்வை போக வேண்டும்.

நம் செட்டில் 34 கிலோவாட்டில் ஹெர்ட்ஸ் 49.7-க்கும் 50.3-க்கும் நடுவே வந்துவிட்டது. ஐந்து நிமிடத்தில் புகை வெள்ளையிலிருந்து சாம்பலுக்கு மாறுகிறது. ஆக, நாசில்.

நான்காம் படி: எந்தச் சிலிண்டர்

லோடைப் பழையபடி குறைத்துக்கொள்ளுங்கள், அப்போதுதான் வித்தியாசம் தெரியும். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் ஒவ்வொரு சிலிண்டரின் போர்ட்டுக்கும் நேராக, ஒரே தூரத்திலிருந்து சூடு பாருங்கள். நம் செட்டில் 145, 150, 140, 95, 150, 145 என்று வருகிறது. நாலாவது சிலிண்டர் தனியாகக் குளிர்ந்து கிடக்கிறது. ஐந்து பத்து டிகிரி வித்தியாசத்தைப் பெரிதுபடுத்த வேண்டாம். நாற்பது, ஐம்பது என்றால் விஷயம் இருக்கிறது.

உறுதிப்படுத்த, அந்தச் சிலிண்டரின் ஹைபிரஷர் பைப் நட்டை, நாசிலைத் தாங்கும் இன்ஜெக்டர் பக்க முனையில் அரைச் சுற்று லூசாக்குவது பழைய முறை. கண்ணாடியும் கையுறையும் போட்டு, நட்டைச் சுற்றித் தடித்த துணி வைத்துச் செய்யுங்கள். பீய்ச்சும் டீசலுக்கு நேராக விரலைக் கொண்டுபோகவே கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே குண்டூசிப் புள்ளி மாதிரிதான் தெரியும், உள்ளே சதை அழுகும். அப்படிப் பட்டால் வலி இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் இன்ஜினில் இந்தச் சோதனையைச் செய்யவே வேண்டாம். அதில் அழுத்தம் 1000 பாருக்கு மேல். இந்தியாவில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சிபிசிபி 4 பிளஸ் புகை விதிப்படி வந்திருக்கும் புதிய செட்டுகளில் பல அந்த வகை. அவற்றில் சிலிண்டரை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்ப்பது ஸ்கேன் டூல் வழியாகத்தான்.

நல்ல சிலிண்டரின் நட்டை லூசாக்கினால் சத்தம் மாறும், இன்ஜின் நொண்டும். ஆனால் ஹெர்ட்ஸ் மீட்டரை நம்பி உட்காராதீர்கள். எலக்ட்ரானிக் கவர்னர் இழந்த வேகத்தை உடனே ஈடுகட்டிவிடும். கவர்னர் ராடைப் பாருங்கள், அது கொஞ்சம் முன்னே நகர்ந்து நிற்கும். நாலாவது நட்டை லூசாக்கும்போது சத்தமும் மாறவில்லை, ராடும் நகரவில்லை. அந்தச் சிலிண்டர் ஏற்கெனவே சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஐந்தாம் படி: நாசில்

செட்டை நிறுத்தி, பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு ஆரம்பியுங்கள். ஆட்டோ மோடில் இருக்கும் பேனல், நீங்கள் குனிந்திருக்கும்போது செட்டை எடுத்துவிடும். இன்ஜெக்டரைச் சுற்றி இருக்கும் மண்ணைக் காற்றடித்துச் சுத்தம் செய்த பிறகே நட்டைக் கழற்றுங்கள். பைப் முனைகளை உடனே மூடி வையுங்கள். ஆறையும் கழற்றி, சிலிண்டர் நம்பர் எழுதி வரிசையாகத் துணியில் அடுக்குங்கள். முனையைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். நல்ல நாசில் முனை காய்ந்து, பழுப்பும் சாம்பலுமாக இருக்கும். நாலாவதில் முனை ஈரமாக, கறுப்பாக, துளைகளைச் சுற்றிக் கரி பூப்பூவாக மலர்ந்திருக்கிறது.

இதை டீசல் பம்ப் வேலை செய்யும் கடைக்குக் கொண்டுபோய் நாசில் டெஸ்டரில் போடச் சொல்லுங்கள், பக்கத்தில் நின்று பாருங்கள். மூன்று விஷயம் பார்க்க வேண்டும். எந்த அழுத்தத்தில் திறக்கிறது, எல்லாத் துளையிலிருந்தும் ஒரே மாதிரி மெல்லிய பனியாக வருகிறதா, திறக்கும் அழுத்தத்துக்கு 20 பார் கீழே பத்து நொடி பிடித்து வைத்தால் முனையில் சொட்டு திரள்கிறதா. இந்த இன்ஜினின் கையேடு சொல்லும் அழுத்தம் 220 பார் என்று வைத்துக்கொள்வோம். நாலாவது 175-ல் திறக்கிறது, மூன்று நொடியில் சொட்டு விழுகிறது. மற்றவை 200-லிருந்து 210 வரை. நாலாவதுக்குப் புது நாசில் போட்டு, ஆறையும் ஒரே அழுத்தத்துக்கு செட் செய்து வாங்குங்கள். ஒன்றை மட்டும் 220-க்கு ஏற்றிவிட்டு மற்றதை 200-ல் விட்டால் சிலிண்டருக்குச் சிலிண்டர் டீசல் வித்தியாசப்படும், குறைந்த லோடில் அது உடனே தெரியும். துளையில் இரும்பு பிரஷ்ஷோ கம்பியோ விட வேண்டாம். பித்தளை பிரஷ் போதும்.

மாட்டும்போது அடிக்கடி நடக்கும் தப்பு செம்பு வாஷரில். பழைய வாஷர் சிலிண்டர் ஹெட் குழிக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அதைக் கவனிக்காமல் புது வாஷரோடு இன்ஜெக்டரை இறக்கினால் இரண்டு வாஷர் அடுக்காகி, நாசில் முனை மேலே நின்றுவிடும். ஸ்ப்ரே தப்பான இடத்தில் விழும், புகை முன்பைவிட மோசமாகும். டார்ச் அடித்துக் குழியைப் பார்த்துவிட்டு, ஆறுக்கும் ஒரே கனத்தில் புது வாஷர் போடுங்கள். கையேட்டில் உள்ள டார்க்கில் இறுக்குங்கள்.

கடைக்குப் போவதற்கு முன்பே தெரிய வேண்டும் என்றால் இன்னொரு வழி, நாலாவது இன்ஜெக்டரை இரண்டாவதோடு மாற்றிப் போட்டுப் பார்ப்பது. குளிர்ச்சி இரண்டாவது சிலிண்டருக்குப் போனால் குற்றவாளி இன்ஜெக்டர். நாலாவதிலேயே நின்றால் பம்ப் டெலிவரி வால்வ், டேப்பெட் கிளியரன்ஸ், கம்ப்ரஷன் என்று அந்தச் சிலிண்டரின் மற்ற விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

ஆறாம் படி: கரியை எரித்து வெளியேற்றுவது

நாசில் சரியாகிவிட்டாலும் எக்ஸாஸ்ட் வழியில் ஈரக் கரி அப்படியே இருக்கிறது. அதை எரிக்க லோடு வேண்டும். கட்டடத்து மோட்டார்கள் 34 கிலோவாட்டைத் தாண்டாததால் வாடகைக்கு லோடு பேங்க் கொண்டுவருவது நல்லது. டிரம்மில் உப்புத் தண்ணீர் ஊற்றித் தகடு இறக்கி லோடு கொடுக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. 415 வோல்ட் திறந்தபடி நிற்கும் அந்த வேலையைப் புதியவர்கள் தொடவே வேண்டாம்.

முதலில் டிப் ஸ்டிக். ஆயில் மேல் கோட்டைத் தாண்டி ஏறியிருந்து, விரலில் தேய்த்தால் நீர்த்துப்போய் டீசல் வாடை அடித்தால், ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிட்டே லோடு ஏற்றுங்கள். டீசல் கலந்த ஆயிலோடு பாரம் ஏற்றினால் பேரிங் அடிவாங்கும். அப்படி இல்லையென்றால் வேலை முடிந்த பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

லோடை மூன்று ஃபேஸுக்கும் சமமாகப் பிரித்து, 30 கிலோவாட்டில் அரை மணி நேரம், 50-ல் அரை மணி நேரம், பிறகு 75-ல் ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் ஓட்டுங்கள். எடுத்த எடுப்பில் 75-க்குப் போகக் கூடாது. பைப்பிலும் சைலன்சரிலும் சேர்ந்திருக்கும் டீசல் மொத்தமாகப் பற்றினால் சைலன்சரிலேயே தீ பிடிக்கும். டீசல் தீக்கு ஏற்ற எக்ஸ்டிங்விஷரோடு ஒரு ஆள் வெளியே புகைக்குழாயைப் பார்த்துக்கொண்டு நிற்கட்டும். முதல் அரை மணியில் புகை கறுத்து அடர்த்தியாகும், கரித் துணுக்கும் பறக்கும். மொட்டை மாடியில் துணி காயப்போட்டவர்களுக்கும், பக்கத்தில் கார் நிறுத்தியவர்களுக்கும் முதல்நாளே சொல்லிவிடுங்கள். நெருப்புப்பொறி தொடர்ந்து வந்தால் லோடை ஒரு படி இறக்கி, அடங்கிய பிறகு மறுபடி ஏற்றுங்கள்.

75 கிலோவாட்டில் புகை கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெலிந்து, ஜாயின்டில் இருந்த ஈரம் காய்ந்து பொருக்காகிவிட்டால் வேலை முடிந்தது. லோடை எடுத்துவிட்டு ஐந்து நிமிடம் வெறுமே ஓடவிட்டு நிறுத்துங்கள், டர்போ ஆற வேண்டும். நாலைந்து மணி நேரம் இந்த லோடில் ஓட்டியும் நீலப் புகை நிற்கவில்லை, பிரீதர் குழாயில் புகை தள்ளுகிறது, ஆயில் குறைந்துகொண்டே போகிறது என்றால், லைனர் கண்ணாடி மாதிரி வழுவழுப்பாகியிருக்கும். அதை எந்த லோடும் சரிசெய்யாது. இன்ஜினைத் திறந்து லைனரை ஹோன் செய்து ரிங் மாற்றுவதுதான் வழி. இன்ஜின் இறக்கும் பேச்சு வர வேண்டிய இடம் இதுதான்.

ஏழாம் படி: இப்போது கவர்னர்

நம் செட்டில் 11 கிலோவாட்டிலேயே ஹெர்ட்ஸ் 49.9-க்கும் 50.1-க்கும் நடுவே நிற்கிறது. ஆனால் லிஃப்ட் கிளம்பும்போது 47-க்கு விழுந்து, திரும்ப ஐந்து நொடி எடுக்கிறது. யாரோ முன்பே ஆட்டத்தை அடக்க, வேக மாற்றத்துக்குக் கவர்னர் எவ்வளவு வேகமாக ஈடுகொடுக்கும் என்பதை வைக்கும் கெயின் ஸ்க்ரூவைக் குறைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நோய் நாசிலில், மருந்து கவர்னருக்கு.

ஸ்க்ரூவைத் தொடும் முன் செட்டை நிறுத்தி, ராடின் இரு முனையிலும் உள்ள பால் ஜாயின்டைக் கையால் ஆட்டிப் பாருங்கள். கொஞ்சம் லொடலொடப்பு இருந்தாலும் மாற்றுங்கள். கவர்னர் நகர்த்தும் முதல் அரை மில்லிமீட்டர் அந்த இடைவெளியிலேயே தொலைந்துபோனால் எந்த ட்யூனிங்கும் நிற்காது. ராடைக் கழற்றிப் பம்ப் லீவரைத் தனியாக அசைத்தால் எங்கும் பிடிக்காமல் ஓடவேண்டும். பிளைவீல் பற்களைப் படிக்கும் மேக்னடிக் பிக்கப்பை, ஒரு பல் நேராக நிற்கும்படி வைத்து, தொடும்வரை கையால் திருகி, முக்கால் சுற்று பின்வாங்கி லாக் நட்டை இறுக்குங்கள். செல்ஃப் அடிக்கும்போது அதில் குறைந்தது 1 வோல்ட் ஏசி வர வேண்டும். முனையில் இரும்புத்தூள் ஒட்டியிருந்தால் துடைத்துவிடுங்கள்.

பிறகு இன்ஜின் நன்றாகச் சூடான நிலையில், லோடு இல்லாமல், ஸ்க்ரூக்கள் இப்போது இருக்கும் இடத்தை மார்க்கரால் குறித்துக்கொள்ளுங்கள். கெயினை வலப்பக்கம் மெல்லத் திருப்பி, ஆட்டம் தொடங்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அங்கிருந்து இடப்பக்கம் திருப்பி ஆட்டம் நின்றதும், இன்னும் எட்டில் ஒரு சுற்று பின்வாங்குங்கள். ஸ்டெபிலிட்டி ஸ்க்ரூவுக்கும் அதே மாதிரி. சோதிக்க, 20 கிலோவாட்டை ஒரே தடவையில் போட்டு எடுங்கள். வேகம் விழுந்து, ஒரு முறை லேசாகத் தாண்டி, உடனே நின்றால் போதும். மூன்று நாலு முறை ஊசலாடினால் கெயினை இன்னும் கொஞ்சம் குறையுங்கள். சந்தேகம் தீர்க்கிறேன் என்று ராடைக் கழற்றிவிட்டு லீவரைக் கையால் பிடித்து செட்டை ஓட்டாதீர்கள். லோடு இல்லாத இன்ஜின் கண்ணிமைக்கும் நேரத்தில் வேகம் எகிறிவிடும்.

திரும்ப வராமல் இருக்க

தினமும் காலையில் ஐந்து நிமிடம் சும்மா எடுத்துப் பார்க்கும் பழக்கத்தை நிறுத்துங்கள். இந்த செட்டை நனைத்ததே அதுதான், கரண்ட் போனபோது ஓடியதைவிட இந்த ஐந்து நிமிடங்கள்தான் அதிகம். அதற்குப் பதில் மாதம் ஒருமுறை அரை மணி நேரம், 30 கிலோவாட்டுக்குக் குறையாமல் ஓட்டுங்கள். அவசர மின்சாரத்துக்கான அமெரிக்கத் தரமான என்எஃப்பிஏ 110 கேட்பதும் இதே மாதம் 30 நிமிடம், 30 சதவீதம்தான். அது முடியாத இடங்களில் வருடம் ஒருமுறை லோடு பேங்க் வைத்து 50 சதவீதத்தில் அரை மணி, 75-ல் ஒரு மணி நேரம் ஓட்டச் சொல்கிறது.

அபார்ட்மென்டில் இதற்குத் தனியாகச் செலவு வேண்டாம். எஸ்டிபி புளோயரும் தண்ணீர் ஏற்றும் மோட்டாரும் எப்படியும் தினம் ஓடுகின்றன. மாதத்தில் ஒரு நாள் அவை எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும்படி வைத்து, அந்த அரை மணி நேரம் செட்டில் எடுங்கள். லாக் புத்தகத்தில் மணியோடு ஆம்ப், கூலன்ட் சூடு, ஹெர்ட்ஸின் மேல் எண் கீழ் எண், ஒரு லிட்டருக்கு எத்தனை யூனிட் வந்தது என்று எழுதச் சொல்லுங்கள். நல்ல லோடில் லிட்டருக்கு மூன்று யூனிட்டுக்கு மேல் வரும். 11 கிலோவாட்டில் ஓடிய நாளில் நம் செட் கொடுத்தது இரண்டு சொச்சம். அந்த எண் மூன்றிலிருந்து இரண்டை நோக்கி இறங்கும் மாதத்தில், புகை வரும்வரை காத்திராமல் தெர்மாமீட்டரோடு மேனிஃபோல்டுக்குப் போங்கள்.